மீட்டர்ல சிவப்பு பேட்டரி லைட், கூடவே இன்ஜின் லைட் (போட்டோ இருக்கு) – ஓட்டிப் போலாமா, நிறுத்தணுமா?

கியர்மாத்தி
அவசரம் மக்களே, தெரிஞ்சவங்க சொல்லுங்க. ரோட்டோரமா நிறுத்திட்டுதான் டைப் பண்றேன், இன்ஜின் ஓடிட்டுதான் இருக்கு. போய்ட்டே இருக்கும்போது மீட்டர்ல சிவப்பு கலர்ல பேட்டரி படம் எரிய ஆரம்பிச்சுது, ஆரஞ்சு கலர்ல இன்ஜின் படமும் எரியுது. வேற எந்த லைட்டும் இல்ல, போட்டோ இணைச்சிருக்கேன் பாருங்க. பெட்ரோல் வண்டி, பத்து வருஷத்துக்கு மேல ஆன மாடல். ஒர்க்ஷாப் இங்கிருந்து 12 கிலோமீட்டர். வண்டி ஓடுறதுல எந்த வித்தியாசமும் தெரியல, மெதுவா ஓட்டிட்டு போயிடலாமா?

மைலேஜ்மாமா
தம்பி சிம்பிள் ரூல்தான். சிவப்புன்னா நில்லு, ஆரஞ்சுன்னா பாத்துப் போ, பச்சை நீலம்னா கண்டுக்காத. அதுல பேட்டரி லைட் மட்டும் விதிவிலக்கு, அது சிவப்பா எரிஞ்சாலும் இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகாது, ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ணலன்னு அர்த்தம் அவ்ளோதான். ஏசி, பாட்டு எல்லாம் ஆஃப் பண்ணிட்டு பேட்டரில இருக்கிற கரன்ட்லயே 12 கிலோமீட்டர் தாராளமா போயிடலாம். நான்லாம் இதவிட தூரம் போயிருக்கேன். எனக்கு அந்த இன்ஜின் லைட்டுதான் இடிக்குது, ரெண்டும் சேந்து வந்திருக்குன்னா ஏதாவது சென்சாரா இருக்கும், ஸ்கேன் போட்டா தெரிஞ்சிடும்.

பழையஸ்பேனர்
போகாதீங்க. முதல்ல இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு மீதிய படிங்க.

போட்டோவ பெருசு பண்ணி பாத்தேன், எல்லாரும் லைட்டையே பாக்குறீங்க, ஓரத்துல இருக்கிற முள்ளை யாரும் பாக்கல. வலது பக்கம் சின்னதா இருக்கே டெம்பரேச்சர் முள்ளு, அது நடுவுல இல்ல, நடுவ தாண்டி ஹெச் எழுத்துக்கு ஒரு கோடு முன்னாடி நிக்குது. ஆர்பிஎம் முள்ளு 800 கிட்ட இருக்கு, ஆக இது சாவிய போட்டதும் எல்லா லைட்டும் ஒரு தடவ எரிஞ்சு அணையுமே அந்த நேரத்துல எடுத்த போட்டோ இல்ல, நிஜமாவே இன்ஜின் ஓடும்போது எடுத்தது. 

மூணு விஷயம் சொல்லுங்க. அந்த ஆரஞ்சு இன்ஜின் லைட் இன்னைக்குதான் வந்துச்சா, முன்னாடியே இருந்துச்சா? ஓரம் கட்டும்போது ஸ்டியரிங் டைட்டா இருந்துச்சா? ஏசி குளிர்ந்த காத்து குடுத்துச்சா, இல்ல வெறும் காத்தா?

கியர்மாத்தி
ஆஃப் பண்ணிட்டேன் அண்ணே.

இன்ஜின் லைட் பழசு, மாசக்கணக்கா எரியுது, அது எரியுறதே எனக்கு பழகிப் போச்சு, இன்னைக்கு புதுசா வந்தது பேட்டரி லைட் மட்டும்தான். ஸ்டியரிங் ஆமா, ஓரம் கட்டும்போது ரெண்டு கையும் போட்டு திருப்ப வேண்டியிருந்துச்சு, மெதுவா போறதால அப்படி இருக்குன்னு விட்டுட்டேன். ஏசி நீங்க கேட்டதும்தான் ஞாபகம் வருது, கொஞ்ச நேரமா புழுக்கமா இருந்து கண்ணாடிய இறக்கினேன். அதுக்கு முன்னாடி முன்பக்கம் கீச்சுனு ஒரு சத்தம் கேட்டு, டப்புனு எதோ அடிச்ச மாதிரி இருந்துச்சு, ரோட்ல கிடந்த கல்லு ஏதாவது தெறிச்சிருக்கும்னு நினைச்சேன். டெம்பரேச்சர் முள்ள நான் கவனிக்கவே இல்ல.

பழையஸ்பேனர்
அப்ப கிட்டத்தட்ட முடிவாயிடுச்சு, பெல்ட் அறுந்திருக்கு.

எப்படி சொல்றேன்னா, இன்ஜின் முன்னாடி ஒரே ஒரு நீள பெல்ட் சுத்தும், எல்லாரும் ஃபேன் பெல்ட்னு சொல்லுவோம், இப்ப வர்ற வண்டில அது ஃபேனை சுத்துறதில்லன்னாலும் பேரு அப்படியே நின்னு போச்சு. அந்த ஒரு பெல்ட்தான் ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரசர், பவர் ஸ்டியரிங் பம்ப், நிறைய இன்ஜின்ல வாட்டர் பம்ப்னு எல்லாத்தையும் சுத்துது. பெல்ட் போச்சுன்னா நாலும் ஒண்ணா போகும். உங்களுக்கு சார்ஜ் இல்ல, ஏசி இல்ல, ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிடுச்சு, முள்ளும் ஏறுது. நாலையும் தனித்தனியா பாத்தா சின்ன சின்ன தொந்தரவு, சேத்து பாத்தா ஒரே காரணம்.

இதுல வண்டிய கொல்றது பேட்டரி லைட் இல்ல, வாட்டர் பம்ப் நின்னது. கூலன்ட் சுத்தாம ஒரே இடத்துல நின்னா சிலிண்டர் ஹெட்டுல இருக்கிற சூட்ட வெளிய கொண்டு வர ஆளு இல்ல. இப்பத்த ஹெட் எல்லாம் அலுமினியம், சூடு அதிகமாச்சுன்னா வளைஞ்சு கொடுத்துடும், கேஸ்கெட் போயிடும். அந்த 12 கிலோமீட்டர நீங்க ஓட்டியிருந்தா பாதி வழில ஹெட்ட கழட்டுற வேலையா மாறியிருக்கும்.

மைலேஜ்மாமா
ஸ்பேனர் சார் தப்பா எடுத்துக்காதீங்க, ஆனா டெம்பரேச்சர் லைட்டு சிவப்பா எரியலையே? அவ்ளோ ஆபத்துன்னா அந்த தெர்மாமீட்டர் படம் எரிஞ்சிருக்கணும்ல? அதே மாதிரி ஸ்டியரிங்ல பிரச்சனைன்னா ஸ்டியரிங் படம் ஆச்சரியக்குறியோட எரியும், போட்டோல அதுவும் இல்ல. லைட்டே எரியாத விஷயத்துக்கு வண்டிய நிறுத்துன்னா எப்படி?

பழையஸ்பேனர்
நியாயமான கேள்விதான், ரெண்டுக்கும் பதில் இருக்கு.

ஸ்டியரிங் படம் எரியுறது எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் இருக்கிற வண்டில, அதுக்கு மோட்டார், சென்சார், கம்ப்யூட்டர் எல்லாம் உண்டு. இவரு வண்டி பழைய மாடல், பெரும்பாலும் ஆயில் பம்ப் வச்ச ஸ்டியரிங்கா இருக்கும், அதுல சென்சாரே கிடையாது, பம்ப் நின்னா கைதான் சொல்லும் மீட்டர் சொல்லாது. பேட்டரி லைட்டோட சேந்து ஸ்டியரிங்கும் கனமாச்சுங்கறதே அது பெல்ட்டுல ஓடுற பம்ப்னு காட்டிக் குடுக்குது. எலக்ட்ரிக்கா இருந்தா பேட்டரில வோல்டேஜ் இருக்கிற வரைக்கும் லேசாத்தான் திரும்பியிருக்கும்.

டெம்பரேச்சர் விஷயத்துல இன்னும் மோசம். நிறைய வண்டில அந்த முள்ளு நிஜ சூட்ட அப்படியே காட்டாது. 80 டிகிரில இருந்து 100 சொச்சம் வரைக்கும் நடுவுலயே நிக்கிற மாதிரிதான் செட் பண்ணியிருப்பாங்க, சும்மா சும்மா ஆடினா ஓட்டுறவங்க பயப்படுவாங்கன்னு. அதனால முள்ளு நடுவ விட்டு நகர ஆரம்பிச்சாச்சுன்னாலே சூடு ஏற்கனவே எல்லை கிட்ட வந்தாச்சு. சிவப்பு லைட் அதுக்கும் மேல கடைசியா வரும். அது வர்ற வரைக்கும் காத்திருக்கணும்னு ஒண்ணும் இல்ல.

இன்னொண்ணு, கூலன்ட் எல்லாம் ஒழுகிப் போன வண்டில சென்சார் தண்ணில இல்லாம காத்துல நிக்கும், அப்ப முள்ளு கீழ இறங்கிக்கூட காட்டும். உள்ள வெந்துட்டு இருக்கும், மீட்டர்ல கூலா இருக்கும். இவருக்கு கூலன்ட் இருக்கு, அதனாலதான் முள்ளு ஒழுங்கா ஏறி காட்டிக் குடுத்துச்சு.

டீசல்டப்பா
ஹீட் ஆனா ஹீட்டர ஃபுல்லா சூடு பக்கம் திருப்பி, ப்ளோயர் ஃபுல்லா வச்சு ஓட்டினா இன்ஜின் சூடு கேபினுக்குள்ள வந்து இறங்கிடும், வேர்த்து ஊத்தும் ஆனா ஒர்க்ஷாப் போய் சேந்துடலாம். இன்னொண்ணு, ஹீட் ஆனதும் டக்குனு ஆஃப் பண்ணக் கூடாதுன்னு சொல்வாங்களே, ஐடில்ல விட்டு மெதுவா ஆறவிடணும்னு. நீங்க என்னடான்னா உடனே ஆஃப் பண்ண சொல்றீங்க.

பழையஸ்பேனர்
ரெண்டும் நல்ல வித்தைதான், ஆனா ரெண்டுக்கும் வாட்டர் பம்ப் சுத்தணும். டிராஃபிக்ல நின்னு நின்னு ஹீட் ஏறினா, ஃபேன் ஓடலன்னா, அப்ப ஹீட்டர போடுறது உதவும், ஏன்னா பம்ப் கூலன்ட்ட ஹீட்டர் வழியா தள்ளிட்டு இருக்கும். ஐடில்ல விடுறதும் அதே கதை. இங்க பம்ப்பே நின்னாச்சு, ஹீட்டருக்கு சூடு தண்ணியே போகாது, ஐடில்ல விட்டா பெட்ரோல் எரிஞ்சு சூடு சேந்துட்டே போகும், வெளிய போக வழி இல்ல. இந்த கேஸ்ல ஆஃப் பண்றத தவிர வேற எதுவும் சரி இல்ல.

கியர்மாத்தி, இப்ப பண்ண வேண்டியது: வண்டிய ரோட்ட விட்டு நல்லா தள்ளி நிக்க வச்சிருக்கீங்களா, ஹசார்ட் லைட் போட்டிருக்கீங்களான்னு பாருங்க. சாவிய எடுத்துட்டு பானட்ட தூக்குங்க. ரேடியேட்டர் மூடியையோ கூலன்ட் டேங்க் மூடியையோ தொடவே தொடாதீங்க. இன்ஜின்ல ஒரு பக்கம் சக்கரம் சக்கரமா வரிசையா இருக்கும், அதுல கருப்பு பெல்ட் ஓடுதான்னு டார்ச் அடிச்சு பாத்து சொல்லுங்க, கைய உள்ள விடாதீங்க.

கியர்மாத்தி
பாத்தேன் அண்ணே. சக்கரம் எல்லாம் இருக்கு, அதுமேல பெல்ட்டுனு ஒண்ணுமே இல்ல. கீழ தட்டுல நார் நாரா கருப்பா ரப்பர் கிடக்கு. லேசா ரப்பர் கருகின வாசனை. கூலன்ட் டேங்க்குள்ள கொதிக்கிற சத்தம் கேட்டுச்சு, இப்ப அடங்கிடுச்சு, வெளிய ஒழுகல.

டோ வண்டிக்கு சொல்லிட்டேன், வர நேரம் ஆகும்னாங்க. தண்ணி பாட்டில் இருக்கு, மேல ஊத்தி இன்ஜின ஆத்தட்டுமா?

பழையஸ்பேனர்
ஊத்தவே கூடாது. கொதிக்கிற அலுமினியத்து மேல பச்சத்தண்ணி பட்டா விரிசல் விடலாம். அந்த மூடியும் அப்படித்தான், உள்ள ஒரு பார் அழுத்தத்துக்கு மேல இருக்கும், அந்த அழுத்தத்தாலதான் கூலன்ட் 120 டிகிரி வரைக்கும் கொதிக்காம நிக்குது. நீங்க மூடிய திறந்த உடனே அழுத்தம் போய் மொத்தமும் ஆவியா முகத்துக்கு வரும். குறைஞ்சது அரை மணி, முடிஞ்சா ஒரு மணி நேரம். மேல் ஹோஸ கையால அழுத்திப் பாத்தா கெட்டியா இல்லாம மெதுவா அமுங்கணும், அதுக்கப்புறம்தான் மூடி. உங்களுக்கு இப்ப அதுகூட வேண்டாம், டோ வண்டி வருது, சும்மா இருங்க.

முக்கியமா ஒண்ணு, மெக்கானிக் பாக்கிற வரைக்கும் திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீங்க. நார் நாரா கிடக்குன்னீங்கல்ல, சில இன்ஜின்ல அந்த நார் டைமிங் கவருக்குள்ள புகுந்து டைமிங் பெல்ட்டுல சிக்கிக்கும், அப்புறம் டைமிங் தப்பி வால்வு வளையும். கவர கழட்டி உள்ள துண்டு எதுவும் இல்லன்னு பாத்துட்டுதான் புது பெல்ட் போடணும்னு வாய விட்டு சொல்லுங்க, சொல்லலன்னா நிறைய பேரு பாக்க மாட்டாங்க.

குட்டிகார்
எல்லாரும் இருக்கிறதால நானும் கேட்டுக்கிறேன், என் வண்டில தினமும் காலைல ஸ்டார்ட் பண்ணினா தெர்மாமீட்டர் படம் எரியுது, கொஞ்ச நேரத்துல தானா போயிடுது. நானும் ஆஃப் பண்ணிட்டு அரை மணி வெயிட் பண்ணணுமா?? ஆபீஸ் லேட் ஆகுமே

நெய்தல்
என்ன கலர்ங்க?

குட்டிகார்
நீலம்

நெய்தல்
அது இன்ஜின் இன்னும் குளிர்ச்சியா இருக்குன்னு சொல்ற லைட். கிளம்புங்க, அது அணையுற வரைக்கும் ஆக்ஸிலேட்டர ரொம்ப மிதிக்காதீங்க, போதும். அதே படம் சிவப்புல வந்தா மட்டும் இந்த இழைய திரும்ப வந்து படிங்க.

குட்டிகார்
அப்பாடா 😅 நன்றி அக்கா

நெய்தல்
ஸ்பேனர் அண்ணா, என் கேஸையும் பாத்து சொல்லுங்க, தனி இழை போட்டா யாரும் பதில் சொல்றதில்ல. என் வண்டில ஆயில் கேன் படம், அலாவுதீன் விளக்கு மாதிரி இருக்குமே, அது சிவப்பா மினுக்குது, எப்பவும் இல்ல, தூரமா ஓட்டிட்டு வந்து சிக்னல்ல நிக்கும்போது மட்டும். ஆக்ஸிலேட்டர லேசா தொட்டா அணைஞ்சிடும். ஆயில் கம்மியா இருக்குன்னு அரை லிட்டர் ஊத்தினேன், நின்னுடுச்சு, இப்ப மறுபடியும் வருது. திரும்ப அரை லிட்டர் ஊத்தட்டுமா?

மைலேஜ்மாமா
இது ஆயில் லெவல் லைட்தான்மா, ஊத்துங்க சரியாயிடும். பழைய வண்டி ஆயில் குடிக்கும்.

பழையஸ்பேனர்
இல்ல மாமா, சிவப்பு ஆயில் கேன் லெவல பாக்குற லைட் இல்ல, அழுத்தத்த பாக்குறது. லெவல் கம்மின்னு சொல்ற லைட் சில வண்டில தனியா இருக்கும், அது ஆரஞ்சு, கீழ அலை மாதிரி கோடு போட்டிருக்கும். சிவப்பு லைட் எரியுறதுக்கு ஒரு சின்ன ஸ்விட்ச்தான் காரணம், ஆயில் அழுத்தம் ரொம்ப கீழ, அரை பார் மாதிரி ஒரு அளவுக்கு கீழ போனாத்தான் அது எரியும். அந்த அளவு ஐடில்ல நிக்கிறதுக்கே பத்தும் பத்தாதுதான், வேகமா ஓட்டும்போது அந்த அழுத்தம் போதவே போதாது. அதாவது அந்த லைட் முன்கூட்டி எச்சரிக்கிற லைட் இல்ல, விஷயம் கைமீறி போச்சுன்னு சொல்ற லைட்.

நான் எந்த லைட்டுக்கு உசிர கையில பிடிச்சுட்டு ஆஃப் பண்ணுவேன்னு கேட்டா இதுதான் முதல். டெம்பரேச்சருக்காவது ஓரம் தேடி நிறுத்த கொஞ்சம் நேரம் கிடைக்கும். ஆயில் அழுத்தம் இல்லாம கிராங்க் பேரிங் இரும்போட இரும்பு உரசினா சில நிமிஷம்கூட தாங்காது. ஓடும்போது நிலையா எரிஞ்சா கிளட்ச்ச மிதிச்சு, பக்கத்துல வண்டி இல்லன்னு பாத்து, ஓரம் வந்து ஆஃப். ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க, வண்டி உருளும்போதே சாவிய முழுசா திருப்பி எடுத்துடாதீங்க, ஸ்டியரிங் லாக் விழுந்துடும்.

உங்க கேஸ் இன்னும் அந்த அளவுக்கு போகல. சூடான ஆயில் இளகி, ஐடில்ல பம்ப் மெதுவா சுத்தும்போது அழுத்தம் எல்லைல நிக்குது, அதான் மினுக்குது. சமதரைல நிறுத்தி, ஆஃப் பண்ணி பத்து நிமிஷம் கழிச்சு டிப்ஸ்டிக்க துடைச்சு விட்டு எடுத்துப் பாருங்க. ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருந்தா ஊத்தாதீங்க, மேல ஊத்தினா வேற பிரச்சனை. லெவல் சரியா இருந்தும் மினுக்குதுன்னா ஸ்விட்ச் கெட்டிருக்கலாம், தப்பான மெலிசு ஆயில் போட்டிருக்கலாம், ஆயில் எடுக்கிற சல்லடை அடைச்சிருக்கலாம், பம்ப்போ பேரிங்கோ தேஞ்சிருக்கலாம். எதுன்னு யூகிக்க வேண்டாம். அந்த ஸ்விட்ச்ச கழட்டிட்டு அதே ஓட்டைல அழுத்தம் அளக்குற கேஜ மாட்டி, இன்ஜின் சூடான பிறகு ஐடில்லயும் 2000 ஆர்பிஎம்லயும் அளந்து, உங்க இன்ஜினுக்கு கம்பெனி சொன்ன அளவோட ஒப்பிட்டு பாக்கச் சொல்லுங்க. ஸ்விட்ச் கெட்டுப் போச்சுன்னு அளக்காமலே புது ஸ்விட்ச் போடுறவங்கள நம்பாதீங்க. அளக்கிற வரைக்கும் ஓட்டாம இருந்தா நல்லது.

நெய்தல்
டிப்ஸ்டிக் பாத்தேன், மேல் கோட்டுக்கு கொஞ்சம் கீழ இருக்கு. அப்ப லெவல் பிரச்சனை இல்ல. போன தடவ ஆயில் மாத்தும்போது என்ன கிரேடு போட்டாங்கன்னு பில்லுல எழுதல. நாளைக்கு கேஜ் போட்டு பாக்க சொல்றேன்.

வயர்வேலன்
ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பாக்குறேன், பேட்டரி லைட் பத்தி ஒரு வார்த்தை, மைலேஜ்மாமா சொன்னது முழுக்க தப்பு இல்ல. பெல்ட் நல்லா ஓடுது, ஆல்டர்னேட்டர் மட்டும் போச்சுன்னா வண்டி பேட்டரிலதான் ஓடும், பகல்ல லைட் இல்லாம ஏசி ப்ளோயர் இல்லாம ஒரு நல்ல பேட்டரி பக்கத்து ஒர்க்ஷாப் வரைக்கும் கொண்டு போய் விடும். மல்டிமீட்டர பேட்டரில வச்சு பாத்தா ஓடும்போது 13.8ல இருந்து 14.5 வோல்ட்டுக்குள்ள இருக்கணும், 12 சொச்சம் காட்டி குறைஞ்சுட்டே வந்தா சார்ஜ் இல்ல. நான் கஸ்டமர்கிட்ட போன்ல சொல்றது இதுதான், பானட்ட தூக்கி பெல்ட் இருக்கான்னு பாரு, இருந்தா முள்ளு நடுவுல இருக்கான்னு பாரு, ரெண்டும் சரின்னா மட்டும் நகரு, வழில ஆஃப் பண்ணாத, ஏன்னா திரும்ப ஸ்டார்ட் ஆகாது.

டீசல்டப்பா
அப்படி போறதுலயும் எனக்கு உடன்பாடில்ல. எலக்ட்ரிக் ஸ்டியரிங் வண்டில வோல்டேஜ் இறங்க இறங்க அது தானா கட் ஆயிடும், வளைவுல போகும்போது கட் ஆனா என்ன பண்ணுவீங்க? ராத்திரி ஹெட்லைட்டும் மங்கும். பழைய டீசல்ல பம்ப் மெக்கானிக்கல், பேட்டரி செத்தாலும் ஓடும், இப்பத்த வண்டி எல்லாமே கரன்ட்.

வயர்வேலன்
ராத்திரி, மழை, ஹைவே, எலக்ட்ரிக் ஸ்டியரிங், இதுல எது இருந்தாலும் நானும் போகச் சொல்ல மாட்டேன். பகல், ஊருக்குள்ள, பக்கம்னா சொல்வேன்.

டீசல்டப்பா
பக்கம்னா எவ்ளோ பக்கம்? பேட்டரி எவ்ளோ பழசுன்னு போன்ல எப்படி தெரியும்? நான் டோ போடுவேன், உங்க கஸ்டமர் உங்க பாடு.

புதுலைசென்ஸ்
எல்லாம் படிச்சேன், ஆனா எனக்கு ஒரு லிஸ்ட் வேணும். என்னென்ன லைட் வந்தா உடனே நிறுத்தணும்? நேத்து எங்க அண்ணன் வண்டில ஆரஞ்சு இன்ஜின் லைட்தான் எரிஞ்சுது, ஆரஞ்சுதானேன்னு ஓட்டிட்டு வந்தோம், வண்டி குலுங்கிட்டே வந்துச்சு. போட்டோ போட்டிருக்கேன், பாருங்க.

பழையஸ்பேனர்
போட்டோல இன்ஜின் லைட் எரியுது சரி. அது விட்டு விட்டு மினுக்கிச்சா, நிலையா எரிஞ்சுதா? போட்டோல அது தெரியாது, அதான் இந்த லைட்டுக்கு மட்டும் எல்லார்கிட்டயும் வீடியோ கேப்பேன்.

புதுலைசென்ஸ்
மேடு ஏறும்போது மினுக்கிச்சு, சமதளத்துல நிலையா இருந்துச்சு.

பழையஸ்பேனர்
அப்ப ஆரஞ்சுதானேன்னு விட முடியாத ஒரே கேஸ் இதுதான். ஏதோ ஒரு சிலிண்டர் ஃபயர் ஆகாம பெட்ரோல் எரியாம சைலன்சர் பக்கம் போகுது, அங்க இருக்கிற கேட்டலிடிக் கன்வர்ட்டர்ல போய் எரிஞ்சு அத உருக்கிடும். கன்வர்ட்டர் விலை இன்ஜின்ல இருக்கிற விலை கூடின சாமான்கள்ல ஒண்ணு, காயில் பிளக்கோட முடிஞ்சிருக்க வேண்டியது அங்க போய் நிக்கும். மினுக்கும்போது ஆக்ஸிலேட்டர விடுங்க, அப்பவும் மினுக்கினா ஓரம் கட்டி ஆஃப் பண்ணுங்க. காஞ்ச புல்லு, சருகு இருக்கிற இடத்துல நிறுத்தாதீங்க, அந்த கன்வர்ட்டர் வண்டிக்கு அடில நெருப்பு மாதிரி இருக்கும். ஸ்கேன் போட்டா P0300 இல்லன்னா P0301, P0302 மாதிரி கோட் நம்பர் வரும், P0300 தவிர மத்ததுல கடைசி எண்தான் எந்த சிலிண்டர்னு சொல்லும். அந்த சிலிண்டர் காயில பக்கத்து சிலிண்டருக்கு மாத்திப் போட்டு திரும்ப ஸ்கேன் பண்ணுங்க, கோட் நம்பரும் கூட மாறினா காயில்தான், மாறலன்னா பிளக், இன்ஜெக்டர்னு அடுத்து போகணும்.

லிஸ்ட்டுன்னா, ஆயில் கேன் சிவப்பு, தெர்மாமீட்டர் சிவப்பு, பேட்டரி சிவப்போட முள்ளு ஏறுறது, மினுக்கிற இன்ஜின் லைட், அப்புறம் பிரேக். பிரேக்ல கொஞ்சம் கவனம் வேணும். வட்டத்துக்குள்ள ஆச்சரியக்குறி சிவப்பா எரிஞ்சா முதல்ல ஹேண்ட்பிரேக் முழுசா இறங்கியிருக்கான்னு பாருங்க, பாதி பேருக்கு அதோட முடிஞ்சிடும். இறங்கியும் எரியுதுன்னா பெரும்பாலும் பிரேக் ஆயில் குறைஞ்சிருக்கும். பேட் தேய தேய ஆயில் மெதுவா இறங்கும், அதுலயும் இந்த லைட் வரும், ஆனா எங்கயாவது ஒழுகுதான்னு தெரியாம ஊத்தி நிரப்பிட்டு கிளம்பாதீங்க. நின்ன இடத்துல பெடல அழுத்திப் பாருங்க, பஞ்சு மாதிரி இருந்தாலோ மெதுவா கீழ இறங்கினாலோ வண்டி நகரக் கூடாது, டோ தான். ஆரஞ்சு ஏபிஎஸ் மட்டும் தனியா எரிஞ்சா சாதா பிரேக் வேலை செய்யும், வழுக்குற ரோட்ல சக்கரம் லாக் ஆகும்னு மனசுல வச்சு மெதுவா ஓட்டிட்டு போய் காட்டலாம். ஏபிஎஸ்ஸும் சிவப்பு பிரேக்கும் ஒண்ணா எரிஞ்சா முன் பின் பிரேக்க பிரிச்சு குடுக்கிற வேலையும் நின்னிருக்கும், அழுத்தி பிரேக் பிடிச்சா பின் சக்கரம் முதல்ல லாக் ஆகி வண்டி சுத்தலாம், அப்ப நான் ஓட்ட மாட்டேன்.

குட்டிகார்
சீட்பெல்ட் லைட்டும் சிவப்புதானே, கதவு திறந்திருக்கிற லைட்டும் சிவப்பு

மைலேஜ்மாமா
அதுக்கும் டோ வண்டி கூப்பிடு 😂

சரி ஸ்பேனர் சார், என் ரூலுல ஓட்டை இருக்குன்னு ஒத்துக்கறேன், ஆனா புதுசா ஓட்டுறவங்களுக்கு கலர வச்சு சொல்றதுதான் சுலபம், ஐம்பது படத்த யாரு மனப்பாடம் பண்ணுவாங்க.

பழையஸ்பேனர்
கலர வச்சே சொல்லுங்க மாமா, ஆனா ராத்திரி எடுத்த போட்டோல கலர நம்பாதீங்க. போன் கேமரா இருட்டுல வெளிச்சத்த கூட்டி எடுக்கும், ஆரஞ்சு சிவப்பாத் தெரியும், சிவப்பு நடுவுல வெள்ளையா வெளுத்துப் போகும். இங்க போட்டோ போடுறவங்க கண்ணால பாத்த கலர எழுத்துலயும் போடுங்க, இன்ஜின் ஓடுதா இல்லையான்னும், எது இன்னைக்கு வந்தது எது பழசுன்னும் போடுங்க. கியர்மாத்தி பழைய இன்ஜின் லைட்டயும் புது லைட்டயும் ஒண்ணா சொன்னதாலதான் முதல் பதில் சென்சார் பக்கம் போச்சு.

கியர்மாத்தி
அப்டேட். வண்டிய ஒர்க்ஷாப் கொண்டு போயாச்சு. ஸ்பேனர் அண்ணே சொன்ன மாதிரி டைமிங் கவர திறக்க சொன்னேன், முதல்ல தேவை இல்லன்னாங்க, விடாம கேட்டதும் திறந்தாங்க, விரல் நீளத்துக்கு ஒரு நார் உள்ள கிடந்துச்சு, டைமிங் பெல்ட்டுல இன்னும் சுத்தல. பெல்ட் அறுந்ததுக்கு காரணம் டென்ஷனர் பேரிங், கையால சுத்தினா கரகரன்னு சத்தம், ஒரு பக்கம் சாஞ்சு போயிருக்கு, பெல்ட் ஓரம் தேஞ்சு தேஞ்சு கிழிஞ்சிருக்குன்னு காட்டினாங்க. பெல்ட்டும் டென்ஷனரும் மாத்தியாச்சு. கூலன்ட் கொஞ்சம் குறைஞ்சிருந்துச்சு, நிரப்பி காத்து எடுத்தாங்க. இப்ப முள்ளு நடுவுல நிக்குது, பேட்டரி லைட் போச்சு, ஓடும்போது 14.2 வோல்ட் காட்டுது.

பழைய இன்ஜின் லைட் இன்னும் எரியுது, அது ஆக்ஸிஜன் சென்சாராம், அது தனிக் கதை.

ஹெட் கேஸ்கெட் தப்பிச்சுதா இல்லையான்னு எப்படி தெரிஞ்சுக்கறது? கேட்டா ஓட்டிப் பாருங்கன்னு மட்டும் சொல்றாங்க.

பழையஸ்பேனர்
ஐட்லர் பேரிங்கும், ஆல்டர்னேட்டர் புல்லியும் சுத்திப் பாத்தாங்களா? ஒரு பேரிங் போன வண்டில பக்கத்து பேரிங்கும் அதே வயசு.

கேஸ்கெட்டுக்கு, காலைல இன்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட் லெவல்ல டேங்க் மேல ஒரு கோடு போட்டு வைங்க, ரெண்டு வாரம் அந்த கோட்ட பாருங்க. முதல் ரெண்டு நாள்ல கொஞ்சம் இறங்கினா உள்ள மாட்டின காத்து வெளிய வந்ததா இருக்கும், அதுக்கப்புறமும் இறங்கிட்டே இருந்தா, கீழ ஒழுகலும் இல்லன்னா சந்தேகப்படணும். இன்ஜின் சூடான பிறகும் சைலன்சர்ல வெள்ளப் புகை நிக்காம வந்தாலோ, ஆயில் ஊத்துற மூடிக்கு அடில பால் கலந்த மாதிரி படிஞ்சாலோ, காலைல ஸ்டார்ட் பண்ணின உடனேயே மேல் ஹோஸ் கல்லு மாதிரி கெட்டியானாலோ ஒர்க்ஷாப்ல கூலன்ட்ல எரிஞ்ச வாயு இருக்கான்னு பாக்குற டெஸ்ட் பண்ண சொல்லுங்க, டேங்க் வாயில ஒரு குழாய வச்சு நீல மருந்து மஞ்சளா மாறுதான்னு பாப்பாங்க. குறைஞ்ச தூரம் மட்டும் ஓட்டுற வண்டில குளிர் காலத்துல மூடிக்கு அடில கொஞ்சம் படியுறது சாதாரணம், அத மட்டும் வச்சு ஹெட்ட கழட்ட விட்டுடாதீங்க.

கியர்மாத்தி
ஐட்லர் பாத்தாங்களான்னு தெரியல, நாளைக்கு போய் கேக்கறேன். கோடு போட்டாச்சு.

நெய்தல்
நான் கேஜ் போட்டு பாத்துட்டு வந்துட்டேன். சூடா ஐடில்ல 0.6 பார், 2000ல 1.8. மெக்கானிக் ஸ்விட்ச்ச மாத்தினா போதும்னு சொல்றாரு, எனக்கு அந்த 1.8 சரியான்னு தெரியல. அண்ணா?

பழையஸ்பேனர்
இன்ஜின் மாடல் என்ன, இப்ப எந்த கிரேடு ஆயில் உள்ள இருக்கு? அது தெரியாம எதுவும் சொல்ல மாட்டேன், ஆனா என் கைல வர்ற வண்டிங்கள்ல 2000ல 1.8 பாத்தா நான் ஸ்விட்ச்ச மட்டும் மாத்தி அனுப்ப மாட்டேன்.